காயிலை மாற்றும் முன்: ஸ்டார்ட்டர் ஏன் தடதடக்கிறது?

நல்ல நிலையில் உள்ள மோட்டார் ஸ்டார்ட்டர் ஒரே ஒரு சத்தம்தான் போடும். பச்சைப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் ஓடும். அதற்குப் பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் மட்டும் கேட்கிற மெல்லிய முனகல் இருக்கும். அது இயல்பு.

கோளாறு வந்தால் இரண்டு விதமான சத்தம் கேட்கும். ஒன்று ‘கிர்ர்ர்’ என்று நிற்காமல் வரும் இரைச்சல். கான்டாக்டர் ஒட்டியிருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் பெட்டியின் தகரமே அதிர்கிறது. இன்னொன்று ‘டகடகடக’ என்ற தடதடப்பு. கான்டாக்டர் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கிறது, மோட்டார் இழுத்து இழுத்து நிற்கிறது, மூடிக்குள் நீலப்பொறி தெரிகிறது.

இதைக் கேட்டதும் பலர் செய்வது காயிலை மாற்றுவதுதான். புதுக் காயில் போட்டதும் சில நாள் ஓடும். பிறகு அதே சத்தம், அதே எரிந்த வார்னிஷ் வாசம், இன்னொரு காயில். உண்மையில் பெரும்பாலான நேரம் காயில் குற்றவாளி இல்லை, அடி வாங்கியது அது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: காயிலுக்குப் போதிய வோல்டேஜ் வந்து சேரவில்லை, அல்லது காந்த இரும்பின் இரண்டு முகங்களும் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

உள்ளே இருப்பது என்ன?

கான்டாக்டரைப் பிரித்தால் ‘E’ வடிவ இரும்புக் கட்டைகள் இரண்டு இருக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்கிச் செய்தவை. ஒன்று அடியில் நிலையாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று மேலே ஸ்பிரிங்கின் பலத்தில் சற்று விலகி நிற்கும். இதைத்தான் எலக்ட்ரீஷியன்கள் மூவிங் கோர் என்பார்கள். நடுவில் காயில். காயிலுக்குக் கரண்ட் போனதும் அடிக்கட்டை காந்தமாகி மேல்கட்டையை இழுக்கும். மேல்கட்டையோடு சேர்ந்து மூன்று ஃபேஸின் வெள்ளி முனைகளும் வந்து ஒட்டும், மோட்டாருக்குக் கரண்ட் போகும்.

நம் வீட்டுக்கும் வயலுக்கும் வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்கிறது. அப்படியானால் காந்தத்தின் இழுவையும் நொடிக்கு 100 முறை இல்லாமல் போக வேண்டும், ஸ்பிரிங் அத்தனை முறையும் மேல்கட்டையைத் தள்ளிவிடப் பார்க்கும். அப்படி நடக்காமல் இருக்கத்தான் கட்டையின் முகத்தில், ஓரக் கால்களின் நுனியில், சிறு பள்ளம் வெட்டி ஒரு செம்பு வளையத்தைப் பதித்திருக்கிறார்கள். அதன் பெயர் ஷேடிங் ரிங்.

அந்த வளையம் முகத்தின் ஒரு பகுதியை மட்டும் சுற்றி இருக்கும். காந்தப்புலம் மாறும்போது வளையத்துக்குள் தானாகவே ஒரு கரண்ட் உண்டாகி, அந்தப் பகுதியின் காந்தத்தை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல, ஒரு பகுதியின் இழுவை ஓயும் நேரத்தில் மற்றப் பகுதி இழுத்துக்கொண்டிருக்கும். மொத்த இழுவை குறையுமே தவிர, ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. கான்டாக்டர் சத்தமில்லாமல் ஒட்டியிருப்பது இதனால்தான்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. காயிலில் போதிய வோல்டேஜ் இருக்க வேண்டும். முகங்கள் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும், நொடிக்கு 100 முறை குறைகிற அந்த இழுவை ஸ்பிரிங்கின் பலத்துக்குக் கீழே இறங்கிவிடும். இரைச்சலாக நம் காதுக்கு வருவது அந்த 100 துடிப்புகள்தான். (டிசி காயில் போட்ட கான்டாக்டர்களில் இந்தப் பிரச்சினையே இல்லை. அவற்றுக்கு ஷேடிங் ரிங்கும் கிடையாது.)

காயில் ஏன் எரிகிறது?

மேல்கட்டை விலகி நிற்கும்போது நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது. அந்த நிலையில் காயில் கரண்டைத் தடுக்கும் திறன் மிகக் குறைவு. அதனால் பட்டனை அழுத்திய நொடியில் அதிகக் கரண்ட் பாயும். கட்டை வந்து ஒட்டியதும் இடைவெளி மூடி, காயிலின் தடுப்பு பல மடங்கு கூடி, கரண்ட் தானாகவே குறைந்துவிடும். சாதாரண சிறு கான்டாக்டர் ஒன்று இழுக்கும் நொடியில் சுமார் 70 வோல்ட்-ஆம்பியர் எடுத்தால், ஒட்டிய பிறகு சுமார் 7 எடுத்தால் போதும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

காயிலில் சுற்றிய கம்பி இந்தப் பெரிய கரண்டை நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தாங்கும் அளவுக்குத்தான் கனமானது. கட்டை முழுதாக ஒட்டாமல் அந்தரத்தில் துடித்துக்கொண்டிருந்தால் பெரிய கரண்ட் குறையவே குறையாது. சில நிமிடங்களில் வார்னிஷ் உருகும், சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து காயில் கருகும். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும், காயிலுக்கு நல்லதுதானே என்று நினைப்பது இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. ஏசி காயில் ஒன்று, வோல்டேஜ் குறைந்ததாலேயே எரிந்துபோகும்.

தடதடப்பில் இன்னொரு சேதமும் நடக்கிறது. ஒவ்வொரு முறை விட்டு ஒட்டும்போதும் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட் அந்த வெள்ளி முனைகள் வழியே பொறிகிறது. முனை உருகி, குழி விழுந்து, கடைசியில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிக்கொண்டால் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஆகவே தடதடக்கிற ஸ்டார்ட்டரை ‘கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. இரண்டு மூன்று நொடிக்கு மேல் தடதடத்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

எவ்வளவு வோல்டேஜ் வேண்டும்?

கான்டாக்டர்களுக்கான ஐ.இ.சி. 60947-4-1 தரநிலை இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. காயிலில் எழுதியிருக்கும் வோல்டேஜில் 85 முதல் 110 சதவீதம் வரை எது வந்தாலும் கான்டாக்டர் சுத்தமாக ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போனால், 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் எங்காவது ஓர் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

விவசாய மோட்டார் ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே, 415 வோல்ட்டில் இணைந்திருக்கும். அதற்குக் கணக்கிட்டால் 85 சதவீதம் என்பது 353 வோல்ட். 75 சதவீதம் என்பது 311 வோல்ட். அதாவது 353-க்கு மேலே இருந்தால் கவலை இல்லை. 311-க்குக் கீழே போனால் எந்த நேரமும் விடலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் இரைச்சல் பிறக்கிற பிரதேசம்.

மீட்டரை எங்கே, எப்போது வைப்பது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மோட்டார் ஓடாதபோது மெயின் ஸ்விட்சில் மீட்டரை வைத்துப் பார்த்து, ‘வோல்டேஜ் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த அளவு எதையும் சொல்லாது. அளக்க வேண்டிய இடம் காயிலின் இரண்டு முனைகள், அதாவது ஏ1, ஏ2. அளக்க வேண்டிய நேரம், கான்டாக்டர் கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரம்.

ஓர் எச்சரிக்கை. காயில் முனைகளில் இருப்பது 415 வோல்ட். மூடியைத் திறந்து, கரண்ட் இருக்கும்போது அளப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. மீட்டரின் கவ்விகளைக் கரண்டை அணைத்துவிட்டுப் பொருத்தி, கையை எடுத்த பிறகுதான் போட வேண்டும். ஈரத் தரையில், வெறுங்காலில் நின்று செய்யவே கூடாது. மீட்டரில் ‘மினிமம்’ பதிந்துவைக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எண்கள் தாவுகிற வேகத்தில் உண்மையான குறைந்தபட்ச அளவு கண்ணில் படாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 ஹெச்.பி. கிணற்று மோட்டார், நேரடி ஸ்டார்ட்டர், 415 வோல்ட் காயில். மின்வாரிய மீட்டர் ஓரிடத்தில் இருக்கிறது, மோட்டார் அறை அங்கிருந்து 120 மீட்டர் தள்ளி. இடையே 4 ஸ்கொயர் எம்.எம். அலுமினிய ஒயர். பட்டனை அழுத்தினால் தடதடக்கிறது.

மோட்டார் ஓடாதபோது ஸ்டார்ட்டரில் 392 வோல்ட் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தும்போது அதே இடத்தில் 312 வோல்ட். 75 சதவீத எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆக, காரணம் வோல்டேஜ்தான். ஆனால் 80 வோல்ட் எங்கே போனது?

மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் சுமார் ஆறு மடங்கு எடுக்கும். 5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் எடுப்பது சுமார் 7.5 ஆம்பியர், கிளம்பும்போது சுமார் 45. இதே நொடியில் மின்வாரிய மீட்டர் பக்கம் அளந்தால் 355 வோல்ட் இருக்கிறது. 392-லிருந்து 355 வரை, 37 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரிலும் கம்பத்து லைனிலும் குறைந்தது. 355-லிருந்து 312 வரை, 43 வோல்ட், நம்முடைய 120 மீட்டர் ஒயரில் குறைந்தது. கணக்கும் ஒத்துவருகிறது. 4 ஸ்கொயர் எம்.எம். அலுமினியத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் மின்தடை. 120 மீட்டருக்கு 0.89 ஓம். கிளம்பும் கரண்டுக்கு இந்த ஒயர் 40 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும்.

இப்போது தடதடப்பின் சுழற்சி புரிந்துவிடும். 392 வோல்ட்டில் காயில் நன்றாகவே இழுக்கத் தொடங்குகிறது. வெள்ளி முனைகள் தொட்டதும் மோட்டார் 45 ஆம்பியரை உறிஞ்சுகிறது. காந்த முகங்கள் முழுதாக மூடுவதற்குச் சற்று முன்பே முனைகள் தொட்டுவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடைசி இடைவெளி மூட வேண்டிய நேரத்தில் காயிலின் வோல்டேஜ் 312 ஆகிவிடுகிறது. காயில் விட்டுவிடுகிறது. மோட்டார் கழன்றதும் வோல்டேஜ் 392-க்கு ஏறுகிறது. விரல் இன்னும் பட்டனில் இருப்பதால் காயில் மறுபடி இழுக்கிறது. மறுபடி 45 ஆம்பியர், மறுபடி 312.

மோட்டார் அறைக்கு 10 ஸ்கொயர் எம்.எம். அலுமினிய ஒயர் இழுத்தால் மின்தடை 0.37 ஓம் ஆகும், ஒயரில் விழுவது சுமார் 17 வோல்ட் ஆகும். காயிலுக்கு 338 வோல்ட் கிடைக்கும். இது 353-க்குக் கீழேதான். ஆனாலும், இழுக்கத் தொடங்கும்போது முழு 392 இருக்கிறது, ஒட்டும் நேரத்தில் 311-க்கு மேலே தாராளமாக இருக்கிறது. மோட்டார் வேகம் பிடித்ததும் கரண்ட் குறைந்து வோல்டேஜ் ஏறிவிடும். தடதடப்பு நிற்கும்.

மாறாக, மின்வாரிய மீட்டரிலேயே 310 வோல்ட் என்று காட்டினால் நம் ஒயரை மாற்றிப் பயனில்லை. அந்த அளவுகளை நேரத்தோடு குறித்துவைத்து மின்வாரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். விவசாய ஸ்டார்ட்டர்களுக்கென்றே அகலமான வோல்டேஜ் வரம்பு கொண்ட காயில்கள் விற்கின்றன. அவை தடதடப்பை நிறுத்தும். ஆனால் மோட்டாரைக் காப்பாற்றாது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவது. 75 சதவீத வோல்டேஜில் கிடைப்பது 56 சதவீத முறுக்குவிசைதான். கிளம்ப முடியாமல் திணறி, சூடேறி, காயிலுக்குப் பதில் மோட்டாரே ரீவைண்டிங் கடைக்குப் போகும்.

மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை

மீட்டரை வைத்து அளப்பது சிரமமாக இருந்தால், எளிய சோதனை ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, முனைகளை டேப் சுற்றித் தனியே வைத்துவிட்டு, பெட்டியை மூடிக் கரண்டைப் போட்டுப் பச்சைப் பட்டனை அழுத்துங்கள்.

‘டக்’ என்று சுத்தமாக ஒட்டி அமைதியாக இருந்தால் காந்தமும் காயிலும் நன்றாக இருக்கின்றன. மோட்டார் கிளம்பும்போது விழும் வோல்டேஜ்தான் பிரச்சினை. மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். மோட்டார் இல்லாதபோதும் இரைந்தால், மெயினில் வோல்டேஜ் சரியாக இருக்கும்வரை வெளி லைனைச் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பெட்டிக்குள் முதலில் பார்க்க வேண்டியது காயிலுக்குக் கரண்ட் வரும் பாதை. ஃபியூஸ், சிவப்புப் பட்டன், ஓவர்லோடு ரிலேயின் முனை, ஃப்ளோட் ஸ்விட்ச் இருந்தால் அது, இவை எல்லாவற்றையும் கடந்துதான் காயிலுக்குக் கரண்ட் போகிறது. ஈரத்தில் பச்சை பிடித்த ஒரு பட்டன் முனை, இறுகாத ஒரு ஸ்குரூ, இவையே போதும். மெயின் பக்கம் 392 இருந்து, காயிலில் 320-தான் இருக்கிறது என்றால், மீதி 72 வோல்ட் இந்தப் பாதையில் எங்கோ தங்கியிருக்கிறது. கான்டாக்டர் இரையும்போது ஒவ்வொரு முனையின் குறுக்கேயும் மீட்டரை வைத்தால், நல்ல முனையில் ஏறத்தாழப் பூஜ்யம் காட்டும். கெட்டுப்போன முனையில் அந்த 72 வோல்ட் வந்து நிற்கும்.

காதாலேயே கண்டுபிடிக்கிற ஒரு தடயமும் உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அமைதி, விரலை எடுத்ததும் இரைச்சல் அல்லது தடதடப்பு என்றால், ஒட்டிய பிறகு பட்டனுக்குப் பதிலாகக் கரண்டைத் தாங்க வேண்டிய துணை முனையில்தான் குறை. கான்டாக்டரின் பக்கத்தில் 13, 14 என்று எண்ணிட்டிருக்கும் முனை அது. அதற்கான ஒயரைப் பாருங்கள், ஸ்குரூவை இறுக்குங்கள். அப்போதும் இருந்தால் அந்தத் துணை முனைக் கட்டையை மாற்றுங்கள்.

அண்மையில் யாராவது காயிலை மாற்றியிருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் படித்துவிடுங்கள். 415 வோல்ட் காயிலை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, 240 வோல்ட்டில், இணைத்திருந்தால் அதற்குக் கிடைப்பது 58 சதவீதம்தான். முதல் நாளிலிருந்தே கத்தும்.

வோல்டேஜ் சரி, சத்தம் மட்டும் இருக்கிறது

காயில் முனையில் 353-க்கு மேல் நிலையாக நிற்கிறது, இருந்தும் ‘கிர்ர்ர்’ என்கிறது. இப்போது கான்டாக்டரைத் திறக்க வேண்டியதுதான். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று மீட்டரால் உறுதிசெய்த பிறகு திறக்கவும். டெஸ்டர் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

மேல்கட்டையை எடுத்துத் திருப்பி முகத்தைப் பாருங்கள். நல்ல முகம் சாம்பல் நிறத்தில், கல் பிடித்துத் தேய்த்த பளபளப்போடு, சமதளமாக இருக்கும். கிராமத்து மோட்டார் அறையில் திறந்தால் பெரும்பாலும் வேறு காட்சிதான். தூசியும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து காய்ந்த கருப்புப் படலம், ஓரத்தில் செந்துரு, நசுங்கிய எறும்புகள், சில சமயம் நடுவில் மாட்டிக்கொண்ட பல்லி, மூலையில் குளவி கட்டிய மண். புத்தம்புதுக் கான்டாக்டராக இருந்தால், துரு பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பிய எண்ணெயைத் துடைக்காமலே மாட்டியிருப்பார்கள். தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

இந்தப் படலம் தலைமுடி அளவு கனம் இருந்தாலே போதும். முகங்கள் ஒட்ட முடியாமல் இடைவெளி விழுகிறது, இழுவை குறைகிறது, காயில் எடுக்கும் கரண்ட் கூடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டேயிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. காயில் மெல்ல மெல்லச் சூடேறி ஒரு நாள் போய்விடுகிறது. புதுக் காயில் போட்டாலும் அதே அழுக்கு முகம்தான். அதற்கும் அதே கதி.

சுத்தம் செய்ய வேண்டியது உலர்ந்த, நார் உதிராத பருத்தித் துணியால். பசை பிடித்திருந்தால் துணியில் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனரை அடித்துத் துடைத்து, முழுதாகக் காயவிடலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பதோடு, மண்ணெண்ணெய் மறுபடி ஒரு பசையை விட்டுவைக்கும். எண்ணெயோ கிரீஸோ முகத்தில் தடவவே கூடாது. இரண்டு கட்டையின் முகங்களையும், கட்டை ஏறி இறங்கும் பக்கச் சுவர்களையும் துடைத்தால் போதும்.

உப்புத்தாளும் அரமும் மட்டும் வேண்டாம். இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இந்த முகங்கள் தொழிற்சாலையில் சமதளமாகத் தேய்க்கப்பட்டவை. கையால் உரசினால் மேடு பள்ளமாகி, துடைக்கும் முன்பு இருந்ததைவிட மோசமாக இரையும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. பல கான்டாக்டர்களில் ‘E’ வடிவக் கட்டையின் நடுக்கால் ஓரக்கால்களைவிட மிகச் சிறிதளவு குட்டையாக இருக்கும். கட்டைகள் ஒட்டியிருக்கும்போதும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி நிற்கும். கரண்டை எடுத்த பிறகு இரும்பில் தங்கும் மிச்சக் காந்தம் மேல்கட்டையைப் பிடித்துவைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஓரக்கால்களை அராவினால் அந்த இடைவெளி மறைந்துவிடும். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் கான்டாக்டர் விடாமல் ஒட்டிக்கொண்டே இருக்கலாம். சத்தத்தை நிறுத்தப் போய், நிறுத்த முடியாத மோட்டாரில் முடியும்.

துடைத்த கட்டையை எடுத்தபடியே திரும்பப் போடுங்கள். இடம் வலம் மாறிப் போட வேண்டாம். ஓடி ஓடி ஒன்றோடொன்று படிந்த முகங்கள் அவை. எடுக்கும் முன்பே ஒரு பக்கத்தில் பேனாவால் குறி போட்டுவைத்தால் குழப்பம் இருக்காது. அதே காரணத்துக்காக, இன்னொரு கான்டாக்டரின் கட்டையை இதில் மாற்றிப் போடுவதும் சரியல்ல. மாட்டிய பிறகு, கரண்டைப் போடும் முன், கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். உரசாமல் இறங்கி, விட்டதும் ஸ்பிரிங் பலத்தில் துள்ளி எழ வேண்டும்.

முகத்தைத் துடைக்கும்போதே ஷேடிங் ரிங்கையும் கவனியுங்கள். அதில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலோ, விரல்நகத்தால் தட்டினால் ஆடினாலோ, துண்டு உடைந்து கழன்றிருந்தாலோ, அந்தப் பக்கத்தின் இழுவை நொடிக்கு 100 முறை பூஜ்யமாகிறது. வோல்டேஜ் முழுதாக இருக்கும், முகம் கண்ணாடிபோல் இருக்கும், ஆனாலும் கான்டாக்டர் காதைப் பிளக்கும். வளையத்தைச் சால்டர் வைத்து ஒட்டும் கைவேலை நிலைக்காது. காந்தக் கட்டையையோ கான்டாக்டரையோ மாற்றுவதே வழி.

கடைசியாக ஒயர் நுழையும் துளைகளையும் மூடியின் ரப்பரையும் பாருங்கள். எறும்பும் தூசியும் அந்த வழியாகத்தான் வந்தன. துளையை அடைக்காமல் முகத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போனால், அடுத்த மழைக்காலத்தில் இதே வேலை மறுபடி காத்திருக்கும்.

ஆக, சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்தான். முதலில் அணைப்பது. பிறகு, காயிலின் இரு முனைகளில், கத்தும் நேரத்தில், வோல்டேஜை அளப்பது. காயிலில் எழுதியிருக்கும் அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒயரையும் பட்டன்களையும் லைனையும் தேடுவது. மேலே இருந்தால் முகத்தைத் துடைப்பது, வளையத்தைப் பார்ப்பது. காயில் எரிந்தே போயிருந்தாலும் புதியதை மாட்டும் முன் இந்த இரண்டு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுக் காயிலும் பழையது எரிந்த காரணத்தாலேயே எரியும்.